2 மி.மீ. எஃகுக் கம்பி எத்தனை கிலோ தாங்கும்? முறிவுத் தகைவுக் கணக்கில் ஒரு சந்தேகம்

மதுமிதா

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மீட்சிப் பண்பு பாடத்தில் ஒரு கணக்கு: "3 மீட்டர் நீளமும் 2 மி.மீ. விட்டமும் உள்ள எஃகுக் கம்பியின் முறிவுத் தகைவு 4 × 10⁸ N/m². அறுந்துபோகாமல் அந்தக் கம்பி தாங்கக்கூடிய அதிகபட்ச எடை என்ன?"

எனக்கு 5027 நியூட்டன் வந்தது, கிட்டத்தட்ட அரை டன். என் தோழிக்கு 12 லட்சம் நியூட்டனுக்கு மேல் வந்தது. புத்தகத்தின் பின்னால் வேறு விடை இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே சூத்திரத்தைத்தான் போட்டோம், தகைவு × பரப்பு. அப்புறம் 3 மீட்டர் நீளம் என்று கொடுத்திருக்கிறார்களே, அதை நாங்கள் எங்குமே பயன்படுத்தவில்லை. அதை எங்கே போட வேண்டும்?

வின்ச் அண்ணாச்சி

சூத்திரம் சரிதான்மா. நீ 2 மி.மீ. விட்டத்தை ஆரமாக எடுத்திருக்கிறாய், அதனால் பரப்பு நாலு மடங்காகிவிட்டது. உன் தோழி சதுர மில்லிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்றும்போது 10⁻⁶ க்குப் பதிலாக 10⁻³ போட்டிருக்கிறாள், அதனால் ஆயிரம் மடங்கு.

நான் சங்கிலி, ரோப், கொக்கி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் இடத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவன். அங்கே யாரும் மீட்டருக்கு மாற்றவே மாட்டார்கள். எல்லாம் நியூட்டன், சதுர மில்லிமீட்டர். 4 × 10⁸ N/m² என்பது 400 N/mm². அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பி 400 நியூட்டன் தாங்கும், தோராயமாக 40 கிலோ. இப்படி மனதில் பதிந்துவிட்டால், விடை தப்பாக வரும்போதே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

```
A = π d² / 4 = 3.14 × 2² / 4 = 3.14 mm²
F = 400 × 3.14 ≈ 1257 N
m = 1257 / 9.8 ≈ 128 kg
```

நீளம் இந்தக் கணக்கில் வராது. எவ்வளவு நீளும் என்று கேட்டிருந்தால் வரும், அறுவதற்கு வராது. கம்பியின் சொந்த எடையைச் சேர்க்க வேண்டாமா என்று கேட்டால், இந்த 3 மீட்டர் கம்பியின் எடையே 74 கிராம்தான். 128 கிலோவுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 400 என்பதை "எஃகின் எண்" என்று மனப்பாடம் செய்துகொள்ளாதே. அது கட்டுக்கம்பி மாதிரி மென்மையான எஃகுக்கு வரும் எண். பியானோவில் கட்டும் 1 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 2200 வரும். பரப்பு 0.785 தான், ஆனாலும் 1700 நியூட்டனுக்கு மேல் தாங்கும். உன் கணக்கில் உள்ள கம்பியைவிடப் பாதித் தடிமன், தாங்கும் எடை மட்டும் அதைவிட அதிகம். அந்தக் கம்பியில் கார்பன் கூடுதல், அது போக அதைக் குளிர்ந்த நிலையிலேயே சின்னச் சின்னத் துளைகள் வழியாக மறுபடி மறுபடி இழுத்து மெலிய வைக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி கடினமாகிறது. அதே கம்பியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்தால் அந்த வலிமையில் பெரும்பகுதி போய்விடும்.

இயற்பியல் பித்தன்

அண்ணாச்சி, நீளம் வராது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீளமான கம்பி அதிகமாக நீளும், அதிகமாக நீள்வது சீக்கிரம் அறும். 100 மீட்டர் கம்பியையும் 1 மீட்டர் கம்பியையும் தொங்கவிட்டுப் பாருங்கள், 100 மீட்டர்தான் முதலில் போகும். இதை அனுபவத்தில் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வின்ச் அண்ணாச்சி

அதிகமாக நீளும் என்பது சரி, ஆனால் அந்த நீட்சி 100 மீட்டருக்கும் பங்கிட்டுப் போகிறதே. ஒவ்வொரு மீட்டரும் நீள்வது அதே அளவுதான், ஒவ்வொரு இடத்திலும் தகைவும் அதேதான். நீங்கள் சொல்லும் காரணம் தப்பு. சொல்லும் முடிவில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

பழைய ஏடு

அந்தக் கொஞ்சம் உண்மையைப் பற்றி ஒரு தகவல். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேட்டில், வெவ்வேறு நீளமுள்ள இரும்புக் கம்பிகளின் வலிமையைச் சோதிக்கும் முறையை வரைந்து எழுதியிருக்கிறார். கம்பியின் கீழே ஒரு கூடை. மேலே மணல் நிரம்பிய ஒரு தொட்டி, அதன் சின்னத் துளை வழியாகக் கூடைக்குள் மணல் மெதுவாக விழுகிறது. கம்பி அறுந்ததும் ஒரு வில் அந்தத் துளையை அடைத்துவிடும், அதற்குமேல் மணல் விழாது. கூடையில் சேர்ந்த மணலை எடைபோட்டுக்கொள், கம்பி எந்த இடத்தில் அறுந்தது என்று பார், அப்புறம் பாதி நீளம், கால் நீளம் என்று எடுத்து, எவ்வளவு கூடுதலாகத் தாங்குகிறது என்று குறித்துக்கொள் என்கிறார்.

அந்தக் காலத்துக் கம்பி சீராக இருக்காது. ஓரிடத்தில் மெலிவு, இன்னோரிடத்தில் கசடு. நீளம் கூடினால் அப்படி ஒரு மோசமான இடம் உள்ளே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். கம்பி அதனுடைய மிக மோசமான இடத்தில்தான் அறும். பித்தன் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

இயற்பியல் பித்தன்

அதைத்தானே நானும் சொன்னேன், நீளமான கம்பி பலவீனம்.

கோலார் பையன்

நீளத்தைச் சுத்தமாகத் தள்ளிவிட முடியாத இடம் ஒன்று இருக்கிறது, சுரங்கம். எங்கள் குடும்பம் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. அப்பா, ஆட்களையும் பாறையையும் கூண்டில் ஏற்றி இறக்கும் வைண்டிங் என்ஜின் பக்கம் வேலை பார்த்தார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001இல் எல்லாம் மூடிவிட்டார்கள்.

அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு இது. 1 சதுர மி.மீ. எஃகு, 1 மீட்டர் நீளம், எடை 7.85 கிராம். அதை 2000 மீட்டர் தொங்கவிட்டால் 15.7 கிலோ, அதாவது 154 நியூட்டன். கூண்டு, ஆள், பாறை என்று எதுவும் மாட்டாமலே மேல் முனையில் 154 N/mm² தகைவு வந்துவிடுகிறது. ரோப் கம்பி 1770 தாங்கும் என்றால் 154 சின்ன எண்தான். ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றமாட்டோம் என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பதே 354. அதில் 154 ரோப்பின் சொந்த எடைக்கே போய்விடும். உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடப் போகும், ஏனென்றால் ரோப்பில் கம்பி நேராக ஓடாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, நடுவில் உள்ள சணலுக்கும் எடை உண்டு.

இயற்பியல் பித்தன்

அப்படியானால் இரண்டு மடங்கு தடித்த ரோப் போட வேண்டியதுதானே?

கோலார் பையன்

போட்டால் ரோப்பும் அதே விகிதத்தில் கனக்கும் சார். பரப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, அடிபட்டுப் போய்விடும். தடித்த ரோப்பில் கூண்டு பெரிதாக மாட்டலாம், ஆனால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ரோப்புக்கே என்ற விகிதம் மாறாது. எஃகின் தரத்தை உயர்த்தினால் மட்டும்தான் மாறும்.

இன்னொரு விஷயம், அங்கே கணக்கை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. சில மாதங்களுக்கு ஒரு முறை ரோப்பின் கூண்டுப் பக்க முனையை வெட்டி, புதிதாகப் பிடிப்புப் போடுவார்கள். வெட்டிய துண்டை இழுத்துப் பார்க்க அனுப்புவார்கள். அப்பா அந்தத் துண்டு ஒன்றின் புரியைப் பிரித்து எனக்குக் காட்டியிருக்கிறார். வெளியே கிரீஸ் பளபளப்பாக இருக்கும், உள்ளே இழைகள் ஒன்றோடொன்று உரசின இடங்களில் சின்னச் சின்னத் தட்டைகள் விழுந்திருக்கும்.

தோட்டக்காரர்

ஐயா, எல்லாரும் கம்பியைப் பற்றிப் பேசுவதால் என் விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் தோட்டத்து போர்வெல்லில் 300 அடியில் சப்மெர்சிபிள் மோட்டார் நிற்கிறது. தண்ணீர் மட்டம் இப்போது 200 அடி. ஒன்றரை இஞ்ச் கறுப்பு எச்.டி.பி.இ. ஹோஸ், கூடவே 6 மி.மீ. ஸ்டீல் ரோப். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 60 கிலோ. மேலே தூக்கிப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன மாதிரி கணக்குப் போட்டேன். கடைக்காரர் ரோப் 1770 தரம் என்றார். 6 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 28.3. பெருக்கினால் 50,000 நியூட்டன், 5 டன். 60 கிலோவுக்கு 5 டன் ரோப் இருக்கும்போது பயமே வேண்டாம் அல்லவா? ரோப் போட்டு நாலைந்து வருஷம் ஆகிறது, டேக் எதுவும் இல்லை.

வின்ச் அண்ணாச்சி

நிறுத்துங்கள் ஐயா, இதில் இரண்டு பக்கமும் எண் தப்பு. தாங்கும் பக்கம் கூடியிருக்கிறது, இழுக்கும் பக்கம் குறைந்திருக்கிறது.

முதலில் தாங்கும் பக்கம். உங்கள் கையில் இருப்பது ரோப், கம்பி இல்லை. 6 மி.மீ. என்பது அதைச் சுற்றி வரும் வட்டத்தின் விட்டம். அந்த வட்டத்துக்குள் காற்று இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது, நடுவில் சணலோ நைலானோ இருக்கிறது. தோட்டத்தில் அதிகம் பார்ப்பது 6×19 ரகம், 6 புரி, ஒவ்வொரு புரியிலும் 19 இழை, மொத்தம் 114 இழை. ஒவ்வொன்றும் சுமார் 0.38 மி.மீ. தடிமன். பரப்பை இழையிலிருந்துதான் கணக்கிட வேண்டும், வெளி வட்டத்திலிருந்து இல்லை.

```
ஒரு இழை: 3.14 × 0.38² / 4 ≈ 0.113 mm²
114 இழை: ≈ 12.9 mm²
12.9 × 1770 ≈ 22,900 N
முறுக்கு இழப்பு: × 0.86 ≈ 19,700 N
```

கடைசி வரி ஏன் என்றால், இழைகள் சாய்வாக ஓடுவதால் எல்லா இழையும் ஒரே நேரத்தில் முழுப் பங்கைத் தாங்காது, ஒன்றையொன்று நசுக்கவும் செய்யும். அந்த வகையில் இந்த ரகத்துக்கு ஏழில் ஒரு பங்கு போல இழப்பு. ஆக உங்கள் 5 டன், புது ரோப்பிலேயே 2 டன்தான். அதற்கப்புறம் முனையில் யு கிளாம்ப் போட்டு வளைத்திருப்பீர்கள், சரியாகப் போட்டிருந்தாலும் நூற்றுக்கு எண்பதுதான் தேறும். கிளாம்ப் போடாமல் முடிச்சுப் போட்டிருந்தால் பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்ப் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பாருங்கள். யு வளையம் வெட்டிவிட்ட வால் மேல் இருக்க வேண்டும், பள்ளம் உள்ள அடிக்கட்டை பாரம் இழுக்கும் ரோப் மேல் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த வளையம் பாரம் தாங்கும் ரோப்பையே கடித்து நசுக்கிவிடும். பாதிப் பேர் மாற்றித்தான் போடுகிறார்கள்.

இப்போது இழுக்கும் பக்கம். 60 கிலோ மட்டும் தொங்கவில்லை. பம்பின் தலையில் உள்ள வால்வு தண்ணீரைக் கீழே விடாது, ஹோஸ் நிறைய 300 அடிக்கும் தண்ணீர் நிற்கும். உள்விட்டம் 40 மி.மீ. என்றால் 91 மீட்டருக்கு 114 லிட்டர், 114 கிலோ. ஹோஸ் ஒரு 55 கிலோ, கேபிள் ஒரு 25. மொத்தம் 250 கிலோவைத் தாண்டுகிறது.

பழைய ஏடு

அண்ணாச்சி, ஒரு சின்னத் திருத்தம். மட்டம் 200 அடி என்கிறார். அதற்குக் கீழே உள்ள 100 அடி ஹோஸுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் எடை ரோப்புக்கு வராது. எச்.டி.பி.இ. தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு, அதனால் முழுகிய ஹோஸின் எடையும் வராது. மட்டத்துக்கு மேலே உள்ள 61 மீட்டர்தான் கணக்கு. தண்ணீர் 77, ஹோஸ் 37, கேபிள் 20 போல, மோட்டார் 60. கிட்டத்தட்ட 195 கிலோ.

வின்ச் அண்ணாச்சி

தூக்க ஆரம்பிக்கும் நேரத்துக்கு நீங்கள் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஹோஸ் மேலே வர வர அதிலுள்ள தண்ணீரும் தரைக்கு வந்துவிடும், அதனால் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்தபிறகு பாரம் குறைந்துகொண்டேதான் போகும். ஆனால் கோடையில் மட்டம் மோட்டார் வரைக்கும் இறங்கியிருக்கும்போது தூக்கினால் 250 தான். நான் எப்போதும் மோசமான நாளை வைத்துத்தான் கணக்கிடுவேன்.

மதுமிதா

நிறைய புரிகிறது, நன்றி. இன்னொரு சந்தேகம். எங்கள் புத்தகத்தில் உள்ள தகைவு - திரிபு வரைபடத்தில் கோடு உச்சிக்குப் போய்விட்டு, அப்புறம் இறங்கி, இறங்கின இடத்தில்தான் முறிவுப் புள்ளி என்று குறித்திருக்கிறது. அப்படியானால் கம்பி அதிகபட்சத்தைவிடக் குறைவான எடையில் அல்லவா அறுகிறது? கணக்கில் எந்த எண்ணைப் போடுவது?

இயற்பியல் பித்தன்

அறும் இடத்தில் கம்பி மெலிந்து கழுத்து மாதிரி ஆகிவிடும். அந்த மெலிந்த பரப்பால் வகுத்தால் தகைவு ஏறிக்கொண்டேதான் போகும், இறங்காது. அதனால் உண்மையில் முறிவுத் தகைவு உச்சியைவிடப் பெரியது. அந்தப் பெரிய எண்ணைப் போட வேண்டும்.

வின்ச் அண்ணாச்சி

முதல் பாதி அருமையாகச் சொன்னீர்கள். இரண்டாம் பாதியைச் செய்தால் ஆபத்து. மெலிந்த கழுத்தின் தகைவை, மெலியாத பரப்பால் பெருக்கினால் கம்பி எப்போதும் தாங்காத எடை விடையாக வரும். எந்தப் பரப்பால் வகுத்தார்களோ அதே பரப்பால்தான் பெருக்க வேண்டும். வரைபடத்தில் முதலில் இருந்த பரப்பால் வகுத்திருக்கிறார்கள், அதனால் அதிகபட்ச எடைக்கு உச்சி எண்ணும் ஆரம்பப் பரப்பும்.

மதும்மா, அந்த இறக்கம் சோதனை எந்திரத்தில் மட்டும்தான் தெரியும். எந்திரம் கம்பியை மெதுவாக நீட்டிக்கொண்டே போகும், கம்பி விட்டுக்கொடுக்கும்போது விசை குறைவதைக் காட்டும். ஒரு எடையைத் தொங்கவிட்டால் அந்த எடை குறையாது. உச்சியைத் தொட்டதும் கழுத்து மெலியும், எடை அதேபடி இழுக்கும், அடுத்த நொடி கீழே கிடக்கும். ரோப்புக்குப் போடும் இழுத்த கம்பியில் அந்த இறக்கமே அவ்வளவாக இருக்காது, எச்சரிக்கை ஏதும் கொடுக்காமல் போய்விடும்.

தோட்டக்காரர்

ஐயா, டேக் இல்லாத ரோப்பின் தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் வாய்ச்சொல்தான். இப்போது துருவும் லேசாக ஏறியிருக்கிறது.

வின்ச் அண்ணாச்சி

மேலே கட்டின இடத்துக்கு அப்புறம் ஒரு முழம் வால் மிச்சம் இருக்கும், அதை வெட்டிப் பிரியுங்கள். ஒரு புரியிலிருந்து சில இழைகளை உருவி, நேராக நீவி, துணியால் துடைத்து, லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரில் தடிமன் பாருங்கள். கண் அளவு வேண்டாம். 0.01 மி.மீ. தப்பினால் பரப்பில் நூற்றுக்கு ஐந்து தப்பும்.

அப்புறம் அந்த இழையை முடிச்சுப் போடாமல், வழவழப்பான கனமான பைப்பில் ஆறேழு சுற்றுச் சுற்றி முனையை டேப் போட்டு ஒட்டுங்கள். கீழ்முனையில் வாளியின் கைப்பிடிக்கும் அதேபோல் ஒரு பைப் துண்டு. வாளியில் தண்ணீரை மக்கு மக்காக, ஊற்றும்போது தட்டாமல் ஊற்றுங்கள். அறுந்த உடனே வாளியோடு சேர்த்து எடைபோடுங்கள். வாளி தரையிலிருந்து நாலு விரல் உயரம் இருந்தால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், அறுந்த இழை சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும். 1770 தரம், துரு இல்லாத 0.38 இழை என்றால் 20 கிலோவை ஒட்டி அறும்.

கோலார் பையன்

எங்கே அறுந்தது என்று கட்டாயம் பாருங்கள். சுற்றின இடத்தில் அறுந்திருந்தால் அது இழையின் முழு வலிமை இல்லை, வளைவில் நெரிந்து அறுந்தது. நடுவில் அறுந்ததுதான் கணக்கு.

தோட்டக்காரர்

செய்து பார்த்தேன். மகனும் கூட இருந்தான். வெளி இழைகளில் துருவைத் துடைத்ததும் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன, உள் இழைகள் சுத்தமாக இருந்தன. மைக்ரோமீட்டரில் 0.38 தான். அறுந்த எடை பெரும்பாலும் 17க்கும் 18க்கும் நடுவில். ஒன்றிரண்டு சுற்றின இடத்திலேயே போனது, மற்றவை நடுவில், குழி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். 1770க்கு 20 வர வேண்டும் என்றீர்கள், ஒன்றுகூட வரவில்லை.

மதுமிதா

நான் போட்டுப் பார்க்கட்டுமா? 17.5 × 9.8 = 171.5 நியூட்டன். 0.113ஆல் வகுத்தால் சுமார் 1500 N/mm².

வின்ச் அண்ணாச்சி

சரியாகப் போட்டாய். இப்போது அதையே மேலே கொண்டு போ: 12.9 × 1500 × 0.86, அப்புறம் கிளாம்புக்கு 0.8, அப்புறம் ஐந்தால் வகு.

மதுமிதா

```
12.9 × 1500 ≈ 19,350 N
× 0.86 ≈ 16,640 N
× 0.8 ≈ 13,300 N
÷ 5 ≈ 2,660 N ≈ 271 kg
```

கோடையில் 250 கிலோ என்றீர்கள். அப்படியானால் போதுமா?

இயற்பியல் பித்தன்

ஐந்தால் ஏன் வகுக்க வேண்டும்? சுரங்கத்திலும் ஐந்து, இங்கேயும் ஐந்தா? லிஃப்ட்டில் பன்னிரண்டு என்று படித்திருக்கிறேன். எண்ணை யார் முடிவு செய்கிறார்கள்? அதுவும் இல்லாமல் பாதி பாரத்தை ஹோஸே தாங்குகிறது, ரோப்புக்குப் பாதிதான் வரும்.

வின்ச் அண்ணாச்சி

லிஃப்ட்டில் ஆள் போகிறார், ரோப் நாள் முழுக்க உருளையில் வளைந்து நிமிர்கிறது, அதனால் பன்னிரண்டு. பொதுவாகச் சாமான் தூக்கும் ஸ்லிங்குக்கு ஐந்து. போர் மோட்டாருக்கு என்று தனி எண் நான் வைத்திருக்கவில்லை, ஸ்லிங்கு எண்ணையே எடுத்துக்கொண்டேன். உங்களுக்குக் கூட வேண்டுமென்றால் கூட வையுங்கள், குறைக்காதீர்கள். இழுப்பில் வரும் உதறல், நாம் பார்க்காத துரு, இவையெல்லாம் அந்த ஐந்துக்குள்தான் அடங்குகின்றன.

ஹோஸ் தாங்கும் பங்கு ரோப் எவ்வளவு தொய்வாகக் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரோப் விறைப்பாக இருந்தால் பெரும்பாரம் ரோப்புக்கே வரும், ஏனென்றால் ஹோஸ் ரப்பர் போல நீண்டு கொடுக்கிறது, பாரத்தில் நாள்பட நாள்பட இன்னும் நீளும். தொய்வாக இருந்தால் முழுப் பாரமும் ஹோஸில், ஹோஸ் நழுவும் அன்றைக்கு ரோப்புக்கு ஒரே உதறலாக வரும். நான் ஹோஸைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன்.

மதும்மா, தொங்கும் எடைக்கு 271 போதும். ஆனால் மோட்டார் சேற்றிலோ கல்லிலோ மாட்டிக்கொண்டிருந்தால் ரோப்பில் வரும் இழுவிசைக்கும் 250 கிலோவுக்கும் சம்பந்தமே இல்லை. மோட்டார் தூக்க வரும் வண்டியின் வின்ச் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவும் வரும். அது 2 டன் வின்ச்சாக இருந்தால் 13,300 நியூட்டனில், அதாவது 1360 கிலோவில், ரோப் அறுந்து மோட்டார் போருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் கொக்கிக்கும் ரோப்புக்கும் நடுவில் ஒரு கிரேன் தராசு மாட்டச் சொல்லுங்கள். 250ஐத் தாண்டி ஏறுகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் உடனே நிறுத்திக் கீழே விட்டு, ஹோஸை லேசாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ரோப் இறுகி நிற்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

தோட்டக்காரர்

வண்டிக்காரரிடம் தராசு இல்லை, வாடகைக்குத் தேடுகிறேன். அவர் ரோப்பைப் பார்த்துவிட்டு "இதைவிட மோசமானதையெல்லாம் தூக்கியிருக்கிறேன்" என்கிறார். மோட்டார் வெளியே வந்ததும் ரோப்பை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். எஸ்.எஸ். ரோப் போடலாமா, இதே ஜி.ஐ. போடலாமா?

கோலார் பையன்

தண்ணீருக்குள் நிற்பதற்கு எஸ்.எஸ். போடுங்கள். ஒரே தடிமனில் தாங்கும் எடை கொஞ்சம் குறையும், ஆனால் நாலு வருஷம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

வின்ச் அண்ணாச்சி

நான் ஜி.ஐ. தான் சொல்வேன். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும், வெளி இழைகள் அறுவதைக் கையுறை போட்டுத் தடவினாலே முள் மாதிரி குத்தும். உங்கள் போர்த் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? உப்புத் தண்ணீரில் எஸ்.எஸ். ரோப் வெளியே பளபளவென்று இருந்து உள்ளுக்குள் குழி விழுந்து போனதைச் சோதனையில் பார்த்திருக்கிறேன்.

தோட்டக்காரர்

கொஞ்சம் சவர்ப்புதான். வாய்க்காலில் ஓடின இடத்தில் வெள்ளை படியும்.

கோலார் பையன்

அப்படியானால் 304 தர எஸ்.எஸ். வேண்டாம், 316 தரம் கேளுங்கள். விலை கூடும்.

வின்ச் அண்ணாச்சி

316 என்றால் சரி. எதை வாங்கினாலும் டேக்கோடு வாங்கி, கட்டுவதற்கு முன்னால் ஒரு முழம் வெட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தூக்கும்போது இதே வாளிச் சோதனையைப் பழைய துண்டிலும் செய்து, போரிலிருந்து வந்த துண்டிலும் செய்து பாருங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.